கடலில் விழாத பிழை

நில அளவைத் திணைக்களத்திலிருந்தோ பிரதேச செயலகத்திலிருந்தோ ஒரு எக்செல் தாள் வருகிறது. வீதி அகலிப்பில் அடிபடும் காணிகளின் மூலைப் புள்ளிகள் அதில் இருக்கின்றன. முதல் நிரலில் புள்ளியின் எண், அடுத்த இரண்டு நிரல்களில் ஆறு இலக்க எண்கள், தலைப்பில் E, N என்ற இரண்டே எழுத்துகள். உதாரணத்துக்கு ஒரு வரியில் 417000, 796000 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாண நகருக்குள் விழும்படி இந்தக் கட்டுரைக்காக நானே எடுத்துக்கொண்ட புள்ளி இது. இதைக் கைபேசி வரைபடத்தில் பார்க்க வேண்டும், அல்லது ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றி அந்த மூலையில் போய் நிற்க வேண்டும். அந்தக் கருவிகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகைதான் தெரியும். அலுவலகத்தின் மீட்டர் கணக்கு அவற்றுக்குப் புரியாது.

இந்த மாற்றத்தைப் பைத்தான் மொழியில் நான்கைந்து வரிகளில் செய்துவிடலாம். pyproj என்ற இலவச நிரற்தொகுப்பு அதற்கென்றே இருக்கிறது. உலகெங்கும் வரைபட மென்பொருள்கள் நம்பியிருக்கும் PROJ என்ற கணக்குப் பொறியைத்தான் அதுவும் உள்ளே வைத்திருக்கிறது. ஆனால் நான்கு வரிகளில் வரும் விடை சரியா என்று தெரிந்துகொள்வது வேறு வேலை. பெரிய பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்; காணி நடுக்கடலில் போய் விழும். இருநூறு மீட்டர்ப் பிழை அப்படிக் காட்டிக்கொடுக்காது. காணி ஊருக்குள்ளேயே, வேறொருவரின் வேலிக்குள் விழும். பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது.

முதலில் அந்த எண்கள் எங்கிருந்து எண்ணப்படுகின்றன என்று பார்ப்போம். இலங்கையின் ஆள்கூற்றுக் கட்டத்துக்கு மையம் நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலை. மலையுச்சியைச் சுழியமாக வைத்தால் மேற்கிலும் தெற்கிலும் உள்ள இடங்களுக்கெல்லாம் எதிர்மறை எண் வரும். அதைத் தவிர்க்க மலையுச்சிக்கே ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். பழைய கட்டத்தில் உச்சியின் மதிப்பு கிழக்கே 200000, வடக்கே 200000. 1999-ஆம் ஆண்டைப் பெயரில் கொண்ட புதிய கட்டத்தில், எஸ்.எல்.டி. 99 என்று நில அளவையாளர்கள் சொல்லும் கட்டத்தில், உச்சியின் மதிப்பு 500000, 500000. ஆகவே நம் புள்ளி புதிய கட்டத்தைச் சேர்ந்தது என்றால், அது மலையுச்சியிலிருந்து மேற்கே 83 கிலோமீட்டர், வடக்கே 296 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துக்கு அது பொருந்துகிறது.

உலகத்தில் வழங்கும் ஆள்கூற்று முறைகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதில் பழைய கட்டத்துக்கு EPSG:5234, புதிய கட்டத்துக்கு EPSG:5235, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 அட்சரேகை தீர்க்கரேகைக்கு EPSG:4326. இந்த எண்கள் கையில் இருந்தால் நிரல் இவ்வளவுதான்:

```python
from pyproj import Transformer

t = Transformer.from_crs("EPSG:5235", "EPSG:4326",
                         always_xy=True)
lon, lat = t.transform(417000, 796000)
print(round(lat, 5), round(lon, 5))
```

விடை 9.67657, 80.01738. நல்லூருக்கு மேற்கே, நகரத்துக்குள்.

மூன்றாவது வரியில் இருக்கும் `always_xy=True` என்பதை விட்டுவிடக் கூடாது. EPSG:4326-இன் முறையான வரையறையில் அட்சரேகை முதலில் வரும், தீர்க்கரேகை பிறகு. கணினிக்காரர்களோ கிழக்கை முதலிலும் வடக்கைப் பிறகும் எழுதிப் பழகியவர்கள். pyproj முறையான வரையறையையே பின்பற்றும். `always_xy=True` என்று சொன்னால் மட்டும், எந்த முறையானாலும் கிழக்கு முதலில், வடக்கு அடுத்து என்று வைத்துக்கொள்ளும்.

இலங்கைக் கட்டத்தில் இந்த வரிசைக் குழப்பத்துக்குத் தனியான ஒரு ஆபத்து இருக்கிறது. மையம் தீவின் உட்பகுதியில் இருக்கிறது, அதன் இரண்டு எண்களும் ஒன்றே. கேகாலைப் பக்கத்தில் 450000, 520000 என்ற புள்ளியை யாராவது நிரல் மாற்றி 520000, 450000 என்று ஏற்றிவிட்டால், அது பிதுருதலாகலைக்குத் தெற்கே 50 கிலோமீட்டரில், தரையிலேயே விழும். வடக்கே இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. யாழ்ப்பாணத்துப் புள்ளியை மாற்றிப் போட்டால் அது தீவுக்குக் கிழக்கே கடலுக்குள் போய்விடும். நடுநாட்டுத் தரவு வந்தால் நிரலின் தலைப்பை மட்டும் நம்பாமல், தெரிந்த ஒரு இடத்தை வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது குழப்பம் எந்தக் கட்டம் என்பது. பழைய படங்களும் பழைய கோப்புகளும் இன்னும் அலுவலகங்களில் புழங்குகின்றன. நம் புதிய கட்டத்துப் புள்ளியை 5234 என்று தவறாகச் சொன்னால் அது மலைக்குக் கிழக்கே 217 கிலோமீட்டர், வடக்கே 596 கிலோமீட்டர் என்று ஆகிவிடும். சென்னைக்குத் தென்கிழக்கே வங்கக் கடலில் காணி மிதக்கும். மாறாக, அதே இடத்தின் பழைய கட்டத்து எண்கள் ஏறத்தாழ 117000, 496000 என்று இருக்கும். அவற்றை 5235 என்று படித்தால் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல். இந்த இரண்டு பிழையையும் வரைபடத்தைத் திறந்த கணத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இலக்கங்களைப் பார்த்தே சொல்லவும் முடியும். வடக்கெண் ஐந்து லட்சத்துக்குக் கீழேயும் கிழக்கெண் மூன்று லட்சத்துக்குக் கீழேயும் இருந்தால் அது பழைய கட்டம் என்று கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி பல மேசைகளில் பழக்கத்தில் இருக்கிறது. பழைய எண்ணோடு மூன்று லட்சத்தைக் கூட்டிப் புதிய கட்டம் என்று வைத்துக்கொள்வது. பார்வைக்கு அது சரியாகவே வரும், காணி ஊருக்குள் விழும். ஆனால் 1999-இல் மாறியது அந்தப் பெரிய எண் மட்டுமல்ல. மூலப்புள்ளியின் அட்சரேகையே 7 பாகை 0 கலை 1.729 விகலையிலிருந்து 1.6975 விகலையாக மாறியது. அந்த மாற்றம் ஒன்றே ஏறத்தாழ ஒரு மீட்டர். அதற்கு மேல், பழைய வலையமைப்பின் நிலையங்கள் கோணமானியால் அளக்கப்பட்டவை, புதியவை ஜி.பி.எஸ். கொண்டு நிறுவப்பட்டவை. இரண்டும் தீவு முழுக்க ஒரே அளவில் விலகி நிற்பதில்லை. நகரத்தில் சில பேர்ச் காணிக்கு எல்லை போடும் வேலையில் ஒரு மீட்டர் சின்ன விஷயம் இல்லை. கூட்டல் கழித்தலைக் கையால் செய்யாமல், வந்த எண்ணை வந்தபடியே வைத்து, அதற்குரிய குறியீட்டைச் சொல்வதே சரியான வழி.

இனி நான் அதிகம் சொல்ல வேண்டியது டேட்டத்தைப் பற்றி.

பூமி சரியான உருண்டை அல்ல, துருவங்களில் சற்றுத் தட்டையானது. அளவையாளர்கள் கணக்குப் போட வசதியாக அதை ஒரு நீள்கோளமாக வைத்துக்கொள்கிறார்கள். இந்தியத் துணைக்கண்டத்திலும் இலங்கையிலும் வழங்கிய நீள்கோளம், இந்தியாவின் தலைமை நில அளவையாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட்டின் பெயரால் 1830-ஐச் சேர்ந்தது. அதன் நடுக்கோட்டு ஆரம் 6377276.345 மீட்டர். செயற்கைக்கோள் யுகத்தில் வந்த டபிள்யூ.ஜி.எஸ். 84-இன் ஆரம் 6378137 மீட்டர். எவரெஸ்ட்டின் பூமி 860 மீட்டர் சிறியது.

அளவு மட்டுமல்ல, வைத்த இடமும் வேறு. அந்தக் காலத்தில் பூமியின் மையத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. தரையில் ஒரு இடத்தைத் தேர்ந்து, நட்சத்திரங்களைப் பார்த்து அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தீர்மானித்து, அந்த இடத்தில் பொருந்தும்படி நீள்கோளத்தை வைத்தார்கள். இலங்கைக்கு அந்த இடம் நீர்கொழும்புப் பக்கத்தில் உள்ள கண்டவல. அப்படி வைத்த கோளத்தின் மையம் பூமியின் உண்மையான மையத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் தள்ளி இருக்கிறது. இப்படி ஒரு நீள்கோளமும் அதை வைத்த நிலையும் சேர்ந்ததைத்தான் டேட்டம் என்கிறார்கள். எஸ்.எல்.டி. 99-உம் அதே எவரெஸ்ட் நீள்கோளத்தையே வைத்துக்கொண்டது. ஆகவே தரையில் ஒரே கல்லுக்கு இலங்கை டேட்டத்தில் ஒரு தீர்க்கரேகை, டபிள்யூ.ஜி.எஸ். 84-இல் இன்னொரு தீர்க்கரேகை.

நம் புள்ளியையே பார்ப்போம். கட்டத்திலிருந்து பாகைக்கு மாற்றும் முதல் படி முடிந்தவுடன், இலங்கை டேட்டத்தில் அதன் அட்சரேகை 9.67642, தீர்க்கரேகை 80.01528. டபிள்யூ.ஜி.எஸ். 84-இல் அதே கல் 9.67657, 80.01738. தீர்க்கரேகையில் உள்ள அந்த 0.0021 பாகை தரையில் 230 மீட்டர். வடக்குத் தெற்கில் வித்தியாசம் 17 மீட்டர்தான். கொழும்புப் பக்கத்திலும் கிழக்கு மேற்கு வித்தியாசம் இதே அளவுதான். முதல் படியோடு நின்றுவிட்டு அந்த எண்ணைக் கைபேசியில் போட்டால் காணி 230 மீட்டர் மேற்கே தள்ளிக் காட்டும். யாழ்ப்பாண நகரத்தில் 230 மீட்டர் என்றால் பல ஒழுங்கைகள் தாண்டி.

pyproj இரண்டாம் படியைத் தானாகவே செய்யும், டேட்டம் இன்னதென்று அதற்குத் தெரிந்தால். சிக்கல் வருவது தெரியாதபோது. அலுவலகத்திலிருந்து வரும் வரைபடக் கோப்போடு .prj என்று முடியும் ஒரு சிறிய கோப்பு வரும், ஆள்கூற்று முறையின் விவரம் அதில்தான் இருக்கும். இடையில் யாரோ ஒரு மென்பொருளில் திறந்து மறுபடி சேமித்திருப்பார்கள். கட்டத்தின் மையம், 500000, ஆரம் எல்லாம் சரியாகவே இருக்கும். டேட்டத்தின் பெயர் மட்டும் போய், தெரியாத டேட்டம், எவரெஸ்ட் நீள்கோளம் என்று நிற்கும். அந்தக் கோப்பைப் படித்து மாற்றினால் pyproj பிழை என்று நிற்காது. இரண்டு டேட்டமும் ஒன்றுதான் என்று கொண்டு, பாகை எண்களை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடும். இதற்கு அது வைத்திருக்கும் பெயர் Ballpark, அதாவது தோராயம். எச்சரிக்கை எதுவும் திரையில் வராது. விடை 9.67642, 80.01528 என்று ஐந்து தசமத்தோடு வந்து நிற்கும். தசமங்களைப் பார்த்து நம்பிவிடக் கூடாது.

இதைத் தடுக்க ஒரே ஒரு சொல் போதும்:

```python
from pyproj import CRS, Transformer

src = CRS.from_user_input(open("plan.prj").read())
print(src.name, src.to_epsg())
t = Transformer.from_crs(src, "EPSG:4326", always_xy=True,
                         allow_ballpark=False)
```

`to_epsg()` விடையாக 5235 என்றோ 5234 என்றோ வந்தால் கோப்பு அடையாளம் தெரிந்துவிட்டது. `None` என்று வந்தால் கோப்பில் ஏதோ குறைகிறது, அல்லது பெயர் மாறியிருக்கிறது. கடைசி வரியில் உள்ள `allow_ballpark=False`, டேட்டம் தெரியாமல் தோராயமாகக் கொடுக்காதே என்கிறது. வேறு வழி இல்லாதபோது நிரல் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். அப்படி நிற்பதையே நான் விரும்புகிறேன். அரசுத் தரவைக் கையாளும் எந்த நிரலிலும் இதை இயல்பாகவே போட்டுவைக்க வேண்டும் என்பது என் கருத்து. இது pyproj 3.1 பதிப்பிலிருந்து இருக்கிறது.

கோப்பில் டேட்டம் இல்லாவிட்டாலும் அது எஸ்.எல்.டி. 99 என்று அலுவலகம் எழுத்தில் சொல்லியிருந்தால், அந்த .prj கோப்பை ஒதுக்கிவிட்டு "EPSG:5235" என்று நேரே கொடுக்கலாம். சொல்லாவிட்டால் கேட்க வேண்டும். ஊகித்துப் போடுவது நியாயமில்லை.

எந்த வழியில் மாற்றப்போகிறது என்பதை மாற்றுவதற்கு முன்பே பட்டியலிட்டுப் பார்க்கவும் முடியும்:

```python
from pyproj.transformer import TransformerGroup

g = TransformerGroup("EPSG:5235", "EPSG:4326",
                     always_xy=True)
for op in g.transformers:
    print(op.description, op.accuracy)
```

ஒவ்வொரு வரியிலும் ஒரு மாற்று வழியின் விவரமும், அதன் துல்லியம் மீட்டரிலும் வரும். துல்லியம் -1 என்று வந்தால் அது தெரியாது என்று பொருள். விவரத்தில் Ballpark என்ற சொல் வந்தால் அந்த வழியைத் தொடக் கூடாது. முதல் நிரலில் செய்த `t`-இடமே `t.description` என்று கேட்டால் போதாதா என்று தோன்றலாம். பல வழிகள் இருக்கும்போது, புள்ளியைப் பார்த்த பிறகே எது என்று தீர்மானிப்பேன் என்ற பொருளில் ஒரு வரிதான் அது சொல்லும். பட்டியலாகப் பார்ப்பதே தெளிவு.

இந்த வழிகளுக்குள் என்ன இருக்கிறது என்றும் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இங்கேதான் கையால் எழுதுபவர்கள் தவறுகிறார்கள். கண்டவல டேட்டத்தை டபிள்யூ.ஜி.எஸ். 84-க்கு மாற்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் வரைபட அமைப்பு வெளியிட்ட மதிப்புகள் மூன்றே எண்கள்: -97, 787, 86. மையத்தை மூன்று திசைகளில் இத்தனை மீட்டர் நகர்த்து என்பது அதன் பொருள். ஒவ்வொரு எண்ணிலும் கூட்டியோ குறைத்தோ 20 மீட்டர் வரை ஐயம் உண்டு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எஸ்.எல்.டி. 99-க்கு உள்ளது ஏழு எண்கள்: நகர்த்த மூன்று, மிக நுண்ணிய கோணத்தில் சுழற்ற மூன்று, அளவை மாற்ற ஒன்று. நகர்த்தும் மூன்றும் -0.293, 766.95, 87.713.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் எண்ணில் -97-உம் -0.293-உம் ஒத்துப்போகவில்லையே என்று தோன்றும். ஏழு எண் முறையில் நகர்வின் ஒரு பகுதியைச் சுழற்சி எடுத்துக்கொள்கிறது, அதனால்தான். யாழ்ப்பாணத்தில் கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று ஓரிரு மீட்டருக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் ஏழு எண்களில் முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு சுழற்சியை விட்டுவிட்டால் நம் புள்ளி 97 மீட்டர் மேற்கே போய்விடும். சுழற்சியின் கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டால் 194 மீட்டர். குறி மாறுவது அரிதான தவறல்ல. சுழற்சியை எழுத உலகத்தில் இரண்டு மரபுகள் உண்டு. புள்ளியைச் சுழற்றுவதாகக் கொள்வது ஒன்று, அச்சைச் சுழற்றுவதாகக் கொள்வது மற்றொன்று. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் மென்பொருளில் அப்படியே போட்டால் குறி தலைகீழாகிவிடும். பழைய கையேட்டிலிருந்தோ நண்பரின் நிரலிலிருந்தோ `+towgs84` என்று தொடங்கும் வரியை வெட்டி ஒட்டுவதைவிட, EPSG எண்ணைச் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் உள்ள முழுத் தொகுதியையும் pyproj எடுத்துக்கொள்ள விடுவதே பாதுகாப்பு.

எல்லாம் செய்த பிறகும் தரையோடு ஒப்பிடாமல் தரவைக் கைமாற்றக் கூடாது. அலுவலகப் பட்டியலில் உள்ள புள்ளிகளில் தரையில் அடையாளம் காணக்கூடியவை ஐந்தாறு இருக்கும். பாலத்தின் மூலை, மதகு, சந்தியில் உள்ள மதில் முனை, அளவைக் கல். அவை பட்டியல் முழுவதும் பரவி இருக்கும்படி தேர்ந்துகொண்டு, ஜி.பி.எஸ். கொண்டு போய் நின்றோ, குறைந்தபட்சம் செயற்கைக்கோள் படத்திலோ பாருங்கள். ஒவ்வொன்றிலும் நாம் கணக்கிட்ட இடத்திலிருந்து உண்மையான இடத்துக்கு ஒரு அம்புக்குறி வரையுங்கள். அந்த அம்புகளே நோயைச் சொல்லும். எல்லா அம்பும் கிழக்கு நோக்கி ஏறத்தாழ 230 மீட்டர் என்றால் டேட்டம் மாற்றமே நடக்கவில்லை. 97 மீட்டரை ஒட்டி என்றால் சுழற்சி விடுபட்டது. 194 என்றால் குறி மாறியது. எல்லாம் ஒரே திசையில் ஓரிரு மீட்டர் என்றால் பழைய கட்டமும் புதிய கட்டமும் எங்கோ கலந்திருக்கின்றன, அல்லது செயற்கைக்கோள் படமே அவ்வளவு விலகியிருக்கிறது. இதைத் தீர்க்க நல்ல ஜி.பி.எஸ். அளவு வேண்டும். அம்புகள் ஆளுக்கொரு திசையில் போனால் மாற்றத்தில் குற்றமில்லை. மூல அளவையிலோ தட்டச்சிலோ தேட வேண்டும். ஒன்றே ஒன்று மட்டும் விலகினால் அந்த வரியில் ஓர் இலக்கம் மாறியிருக்கும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. ஏழு எண்களால் தீவு முழுவதையும் ஒரே அடியாக நகர்த்துகிறோம். அதனால் சென்டிமீட்டர் துல்லியத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று நாம் சொல்வதே காலத்தோடு ஓடும் சட்டகம். இந்தியத் தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. 1999-இல் அளந்த கல்லுக்கும் இன்றைய ஜி.பி.எஸ். அளவுக்கும் இடையே அதுவே ஒரு மீட்டரைத் தாண்டிவிட்டது. காணி எந்த ஒழுங்கையில் இருக்கிறது, எந்தக் குளத்தின் வாய்க்காலைத் தொடுகிறது, வீதித் திட்டம் எந்த வீடுகளைத் தொடுகிறது என்று அறிய இந்தக் கணக்கு தாராளமாகப் போதும். வேலி எங்கே போட வேண்டும் என்று தீர்மானிக்கப் போதாது. அதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளர் அருகிலுள்ள கட்டுப்பாட்டுக் கல்லிலிருந்து அளந்து தர வேண்டும். எல்லைத் தகராறில் கைபேசித் திரையைக் காட்டி வாதாடுபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உயரத்தையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேலே செய்தது கிடைமட்ட மாற்றம் மட்டும். அலுவலகப் படத்தில் உள்ள உயரம் கடல் மட்டத்திலிருந்து. ஜி.பி.எஸ். தரும் மூல உயரம் நீள்கோளத்திலிருந்து. இலங்கையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நூறு மீட்டரை ஒட்டி வரும். கடலோரத்தில் நிற்கும்போது கருவி எதிர்மறை உயரம் காட்டினால் அது கெட்டுப்போகவில்லை. மேலே உள்ள நிரல்களில் உயரத்தை மூன்றாவது எண்ணாகக் கொடுத்துச் சரியான கடல்மட்ட உயரத்தைப் பெற்றுவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

மாற்றிய தரவைச் சேமிக்கும்போது மூல எண்களை அழிக்காதீர்கள். அலுவலகம் தந்த E, N நிரல்கள் அப்படியே இருக்கட்டும். புதிய அட்சரேகை, தீர்க்கரேகை பக்கத்தில் வரட்டும். எந்த EPSG எண்ணிலிருந்து எதற்கு மாற்றினோம், pyproj-இன் எந்தப் பதிப்பு, எந்தத் தேதி என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பதிவேட்டின் மதிப்புகள் திருத்தப்படுவதுண்டு. அப்போது மூல எண் இருந்தால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் மாற்றிய எண்ணைத் திருப்பி மாற்ற வேண்டி வரும், எந்த வழியில் மாற்றினோம் என்பதும் மறந்திருக்கும்.

தரவு கொடுக்கும் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த எக்செல் தாளின் தலைப்பில் E, N என்று எழுதும்போது பக்கத்தில் EPSG:5235 என்றோ EPSG:5234 என்றோ சேர்த்து எழுதிவிடுங்கள். அந்தத் தாளோடு, தரையில் காணக்கூடிய ஒரு கல்லின் கட்ட எண்ணையும் அதன் ஜி.பி.எஸ். அளவையும் சேர்த்துக் கொடுங்கள். தரவு வாங்குபவர்களே, அது இல்லாமல் தாள் வந்தால் கேட்டு வாங்குங்கள், எழுத்தில் வாங்குங்கள்.